வணிகப் பதிவுகளில் தமிழும் ஆங்கிலமும்: ஒரு சேலைக் கடை தந்த பட்டறிவு

பத்தாமாண்டு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது தலைப்பை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார். அகப்பாடல்களின் உள்ளுறை பற்றியோ இடைக்கால உரையாசிரியர்கள் பற்றியோ நான் பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நான் ஒரு சேலைக் கடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மொழியைத் தொழிலாகக் கொண்டவள் என்ற செருக்கு எனக்கு எங்கே அடிபட்டதோ அந்த இடத்தைப் பற்றிப் பேசுவதே நேர்மை என்று தோன்றியது.

என்னிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருவர் காரைக்குடியில் தம் தாயாருடன் ஒரு சிறு கடை நடத்துகிறார். கண்டாங்கிச் சேலைகளே முதன்மைச் சரக்கு. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அதே காரைக்குடிக் கண்டாங்கிதான். நெசவாளர் இல்லங்களிலிருந்து நேரடியாக வாங்கி, உள்ளூரில் கடையிலும் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அஞ்சல் வழியாகவும் விற்கிறார். விற்பனையில் பெரும்பகுதி முகநூல், இன்ஸ்டகிராம் பதிவுகளையும் வாட்ஸ்அப் குழுவையும் நம்பியிருக்கிறது. ஒரு நாள் வந்து, "அம்மா, பதிவுகளை நீங்கள் எழுதித் தந்தால் நன்றாக இருக்கும். எனக்குத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்றே குழப்பமாக இருக்கிறது" என்றார். இது என்ன பெரிய குழப்பம் என்று அன்று எண்ணினேன்.

முதல் பத்துப் பதிவுகளைத் தனித்தமிழில் எழுதிக் கொடுத்தேன். நெய்தல் நிலத்து நீலமும் முல்லைக் கொடியும் அவற்றில் இருந்தன. விலை கடைசி வரியில் இருந்தது. கூரியர் என்பதைத் தூதஞ்சல் என்று எழுதியிருந்தேன். பதிவுகளைப் பாராட்டியவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் இந்த வட்டத்தின் உறுப்பினர்கள், இப்போது என் எதிரே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுள் சேலை வாங்கியவர் ஒருவரும் இல்லை என்று மாணவி பிறகு மெல்லச் சொன்னார். உள்ளூரார் "எவ்வளவு?" என்று கேட்டார்கள், விலை எழுதியிருந்தும் கேட்டார்கள். கனடாவிலிருந்து ஒரு பெண் இது பருத்தியா பட்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதிவின் இரண்டாம் வரியிலேயே 'பருத்தி' இருந்தது. அவர் கண்ணுக்கு அது எழுத்தாகத் தெரிந்ததே தவிரச் சொல்லாகத் தெரியவில்லை.

அடுத்து மாணவி தாமே எழுதத் தொடங்கினார். அவர் போக்கு நேர் எதிரானது. விளம்பரங்களில் நாம் நாளும் காணும் கலப்பு நடை அது. பாதி வாக்கியம் தமிழ் எழுத்தில், பாதி ரோமன் எழுத்தில், நடுவே 'சூப்பர் கலெக்‌ஷன்', இறுதியில் 'மிஸ் பண்ணாதீங்க'. இதைக் கண்டு நான் மனம் வருந்தியது உண்மை. ஆனால் வருத்தத்தை ஒதுக்கிவைத்துப் பயனை மட்டும் பார்த்தாலும் அது தோற்றது. தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு வாக்கியத்தின் பாதி கிடைக்கவில்லை. ஆங்கிலம் தடுமாறும் உள்ளூர் மூதாட்டிக்கு மறுபாதி கிடைக்கவில்லை. இரு மொழியும் அறிந்தவருக்கு மட்டுமே முழுவதும் விளங்கியது. அவரோ எந்த மொழியில் எழுதினாலும் புரிந்துகொள்பவர். நம் இலக்கிய வரலாற்றில் மணிப்பிரவாள நடைக்கும் ஏறத்தாழ இதே வரம்பு இருந்தது. இரு மொழியிலும் பயின்றவர்க்கே அது பயன்பட்டது. அங்கே அது ஒரு குழுவின் உரிமையாக இருந்தது; கடைக்காரருக்கு அது இழப்பு.

மூன்றாவது முயற்சியாகத் தமிழ்ப் பத்தி ஒன்று, அதன் கீழே அதன் வரிக்கு வரியான ஆங்கில மொழிபெயர்ப்பு என்று வைத்தோம். இதுதான் சரியான வழி என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தபோது இலண்டனிலிருந்து ஒரு சேலை திரும்பி வந்தது.

அந்தச் சேலையின் உடல் மயில் கழுத்து நிறம். பாவு நீல நூல், ஊடை பச்சை நூல். துணி நேராகக் கிடக்கும்போது நீலமாகவும் மடிப்பில் பச்சையாகவும் தெரியும். காரைக்குடியில் எந்தப் பெண்ணிடமும் 'மயில் கழுத்து' என்றால் இந்த ஆட்டம் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பது விளங்கும். மயிலின் கழுத்து ஒரே நிறத்தில் நிற்பதில்லை அல்லவா? நான் ஆங்கிலத்தில் 'பீகாக் புளூ' என்று மொழிபெயர்த்திருந்தேன். ஆங்கிலத்தில் அது அசையாத ஒரு நீலத்தின் பெயர். வாங்கியவர் நீலச் சேலை கேட்டார், பச்சை ஓடும் சேலை வந்து சேர்ந்தது, தவறான சரக்கு என்று திருப்பி அனுப்பினார். திரும்பி வந்த கட்டணம் சேலையின் விலையை ஒட்டி நின்றது. கடை அதை ஏற்றுக்கொண்டது. நெசவாளர்க்குத் தர வேண்டிய அடுத்த முன்பணம் அந்த மாதம் இரு வாரம் தள்ளிப்போயிற்று. பிழை என் மொழிபெயர்ப்பில். அகராதியை நான் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அகராதியை மட்டுமே பார்த்தேன் என்பதுதான் தவறு.

அதன்பின்புதான் நாங்கள் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தோம். யாருக்கு எழுதுகிறோம் என்று எண்ணிப் பார்த்தோம். கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஒரு மாத காலம் வந்த ஒவ்வொரு கேள்வியையும் அதில் குறிக்கச் சொன்னேன். என்ன கேட்டார், எந்த மொழியில் கேட்டார், எந்த எழுத்தில் கேட்டார், எந்த நாட்டிலிருந்து கேட்டார் என்று நான்கு கட்டங்கள். வாட்ஸ்அப் எண்ணின் முன்னொட்டு நாட்டைச் சொல்லிவிடும்: +91 இந்தியா, +65 சிங்கப்பூர், +60 மலேசியா, +44 பிரிட்டன், +1 அமெரிக்காவும் கனடாவும்.

மொழியும் எழுத்தும் வெவ்வேறு கட்டங்களில் இருக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்தினேன். என் பங்கில் பயன் தந்த யோசனை அது ஒன்றுதான். உள்ளூரார் தமிழிலும் வெளிநாட்டார் ஆங்கிலத்திலும் எழுதுவர் என்றே இருவரும் எண்ணியிருந்தோம். நோட்டுப் புத்தகம் வேறு சொன்னது. உள்ளூர் இளம்பெண்கள் தமிழில்தான் கேட்டார்கள், ஆனால் ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்தில் பிழையின்றிக் கேட்டவர்களில் பலர் சிங்கப்பூர்க்காரர்கள். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடமாகக் கற்கிறார்கள். மலேசியாவில் தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இருப்பதால் அங்கிருந்தும் தமிழ் எழுத்து வந்தது. ஆங்கிலம் மட்டுமே எழுதியவர்கள் பெரும்பாலும் பிரிட்டனிலும் கனடாவிலும் பிறந்து வளர்ந்த மக்கள். அவர்களிலும் பலர் தமிழைக் காதால் அறிந்தவர்கள். 'சேலை' என்று சொன்னால் விளங்கும், எழுதினால் விளங்காது.

இந்தப் பிரிவினையை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் உள்நாடு, வெளிநாடு என்று இரண்டாகப் பிரியவில்லை. தமிழைப் படிப்பவர், தமிழைக் கேட்டுணர்ந்தும் படிக்காதவர், தமிழே அறியாதவர் என்று மூன்றாகப் பிரிகிறார். மூவரும் ஒரே குடும்பத்தில் இருப்பதும் உண்டு. தேர்ந்தெடுப்பவர் பாட்டி, பணம் செலுத்துபவர் பேத்தி, கட்டிக்கொள்பவர் வேற்று மொழிக்கார மருமகள். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மற்றவருக்குப் பதிவை அனுப்பும்போது, சில வேளை படத்தையும் தமிழ்ப் பத்தியையும் மட்டும் நகலெடுத்து அனுப்புகிறார், சில வேளை ஆங்கிலப் பத்தியை மட்டும். ஆகவே ஒவ்வொரு பத்தியும் தனியே நின்று பேச வேண்டும். மற்றதைச் சார்ந்து நிற்கக் கூடாது.

பெயர்ப்பலகைக்கு நம் அரசு ஒரு விகிதம் வைத்திருக்கிறது: தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்திற்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு. பலகை ஒரே பார்வையில் முழுவதும் தெரிவதால் அங்கே பங்கு பிரிக்கலாம். பதிவு அவ்வாறன்று. இன்ஸ்டகிராமில் படத்தின் கீழ் ஏறத்தாழ முதல் இரண்டு வரிகளே தெரியும், மற்றவை 'மேலும்' என்ற சொல்லின் பின்னே மறைந்துவிடும். தமிழ்ப் பத்தி முதலில் இருந்தால் ஆங்கிலம் மட்டும் படிப்பவர் ஆங்கிலம் இருப்பதையே அறியாமல் கடந்துபோவார். ஆங்கிலத்தை முதலில் வைத்தால் பாட்டி கடந்துபோவார். எத்தனை பங்கு என்ற கேள்வி இங்கே பொருளற்றது. எது முதல் வரி என்பதே கேள்வி.

எங்கள் விடை இது. முதல் வரியில் வாக்கியமே வேண்டாம். பெயர், நிறம், நூல், விலை ஆகிய நான்கும் பெயர்ச்சொற்களாகவும் எண்களாகவும் இருக்கட்டும். சேலையின் பெயரும் நிறத்தின் பெயரும் தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் அடுத்தடுத்து இருக்கட்டும். எண்ணுக்கு மொழி இல்லை. 1,850 என்பதைப் பாட்டியும் பேத்தியும் ஒரே நொடியில் படிப்பார்கள். அந்த வரியின் முடிவில் 'ஆங்கிலம் கீழே' என்ற குறிப்பு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இவ்வளவையும் இரு வரிக்குள் அடக்குவது எளிதன்று. ஹைக்கூ எழுதுவோர் இங்கே பலர் இருக்கிறீர்கள், முயன்று பாருங்கள்.

மயில் கழுத்துச் சேலை மறுமுறை வந்தபோது பதிவு இவ்வாறு அமைந்தது. முதல் வரியின் கீழே தமிழ்ப் பத்தி: "உடல் மயில் கழுத்து, கரை அரக்கு. நீளம் 5.5 மீட்டர், பிளவுஸ் துணி இல்லை. நாளை காலை 10 மணி முதல் கடையில் பார்க்கலாம். வெளியூருக்குக் கூரியரில் அனுப்புகிறோம்." இவ்வளவே. நிறத்தை விளக்கவில்லை, தமிழ் படிப்பவருக்கு விளக்கம் தேவையில்லை. ஆங்கிலப் பத்தியோ இதன் மொழிபெயர்ப்பன்று. அங்கே 'மயில் கழுத்து' என்ற பெயரை ரோமன் எழுத்தில் அப்படியே நிறுத்தி, நீல நூலும் பச்சை நூலும் குறுக்கும் நெடுக்குமாக நெய்யப்பட்டது, துணி அசையும்போது நிறம் மாறும் என்று இரு எளிய வாக்கியங்களில் சொன்னோம். 'அரக்கு' என்பதற்கு 'மெரூன்' என்ற ஆங்கிலச் சொல் போதுமானதாக இருந்தது. கடை நேரம் அங்கே இல்லை. மாறாக, பொதியின் எடை, எந்த நாட்டுக்கு எவ்வளவு கட்டணம், இறக்குமதி வரி வந்தால் அதைப் பெறுபவரே செலுத்த வேண்டும் என்பவை இருந்தன. அந்தச் சேலை பிர்மிங்ஹாமுக்குப் போயிற்று, திரும்பி வரவில்லை.

இதிலிருந்து எங்களுக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. ஒரு செய்தியைக் கேட்டுச் செயல்பட வேண்டியவர் யார் என்று பார்க்க வேண்டும், அவர் படிக்கும் மொழியில் அது இருக்க வேண்டும். மற்றவருக்கு அதைச் சொல்லாமல் விடுவது குற்றமாகாது. சொல்வதே சில வேளை தீங்காகும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் நம் அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான பொதிகளை ஏற்பதை நிறுத்திவைத்தது. அங்கே 800 டாலர் வரையிலான சரக்குக்கு இருந்த தீர்வை விலக்கு நீக்கப்பட்டதே காரணம். அக்டோபர் 15 அன்றுதான் மீண்டும் ஏற்கத் தொடங்கினர். மாணவி இதை இரு மொழியிலும் எல்லாப் பதிவுகளின் மேலும் போட்டுவிட்டார். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் "இனிமேல் பார்சல் அனுப்ப மாட்டீர்களா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். படிப்பவர் 'பொதி', 'நிறுத்தம்' என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டு 'அமெரிக்கா'வை விட்டுவிட்டார். பிறகு அதை எடுத்துத் தனிப் பதிவாக ஆங்கிலத்தில் விரிவாக எழுதினோம். அமெரிக்காவில் இருக்கும் தமிழ் மட்டும் படிக்கும் பெரியவர்களுக்காக 'அமெரிக்காவுக்கு மட்டும்' என்று தொடங்கும் ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தை மேலே வைத்தோம்.

சரி, தமிழ்ப் பத்தியில் எந்தத் தமிழ்? நண்பர்கள் சிலர் இதில் என்னோடு பிணங்கியிருக்கிறார்கள். மேலே படித்த பத்தியில் 'பிளவுஸ்' என்றும் 'கூரியர்' என்றும் இருந்தனவே, ஒரு முனைவர் எழுதியதா இது என்று ஒருவர் எனக்கு மடலே எழுதினார். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகளை நினைவூட்டியிருந்தார். நான் அடிகளை மறக்கவில்லை. 'தள்ளுபடி', 'முன்பதிவு', 'கையிருப்பு' ஆகிய சொற்களைக் கடை இப்போது ஆங்கிலம் தொடாமல் ஆள்கிறது. மக்கள் தயங்காமல் படிக்கிறார்கள். 'பருத்தி'யையும் விட்டுக்கொடுக்கவில்லை, 'காட்டன்' என்று பேசுபவரும் 'பருத்தி'யைப் படித்துக்கொள்கிறார். ஆனால் 'தூதஞ்சல்' என்று எழுதிய பதிவுகளுக்கு, அனுப்புவீர்களா மாட்டீர்களா என்ற கேள்வி தவறாமல் வந்தது. 'ரவிக்கைத் துணி' என்று எழுதியபோது கடையில் பணிபுரியும் பெண்ணே ஒரு கணம் நின்று யோசித்தார். எங்களுக்கு அந்தப் பெண்தான் நடுவர். பதிவை வெளியிடுமுன் அவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வோம். எங்கே குரல் தடுக்கிறதோ அந்தச் சொல் மாறும். தமிழ்ச் சொல்லிலும் தடுக்கியிருக்கிறார், ஆங்கிலச் சொல்லிலும் தடுக்கியிருக்கிறார்.

ஆங்கிலச் சொல்லைவிடக் கடினமாக இருந்தது தமிழுக்குள்ளேயே இருந்த வேறுபாடு. நான் முதலில் 'புடவை' என்று எழுதிவந்தேன். ரொறன்ரோவில் வாழும் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர், இது என்ன புடவை, எத்தனை யார் வேண்டும் என்றாலும் வெட்டித் தருவீர்களா என்று கேட்டிருந்தார். இலங்கையில் புடவைக்கடை என்றால் துணிக்கடை. அவர் காதில் 'புடவை' பொதுவான துணியாக விழுந்தது. காரைக்குடி வழக்கான 'சேலை'யே எல்லா ஊருக்கும் பொதுவாக நின்றது. என் தஞ்சைப் பழக்கத்தை விட்டு நான் சேலைக்கு மாறினேன். அவர் தம் நகரத்தை 'ரொறன்ரோ' என்று எழுத, நாங்கள் 'டொரண்டோ' என்று எழுதிக்கொண்டிருந்தோம். முகவரியில் அது பொருட்டில்லை. ஆனால் 'இவர்கள் எங்களுக்கு எழுதவில்லை' என்ற எண்ணம் இந்த ஓர் எழுத்தில் தோன்றிவிடுகிறது. கனடாவுக்கான கட்டணத்தைத் தமிழில் எழுதும்போது இப்போது அவர் எழுத்துமுறையையே கையாள்கிறோம்.

'வெள்ளி'யின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு முந்தைய பதிவு ஒன்றில் 'இந்த விலை வெள்ளி வரை மட்டும்' என்று எழுதியிருந்தோம். மலேசியாவிலிருந்து ஒரு பெரியவர் "எத்தனை வெள்ளி வரை?" என்று கேட்டார். மாணவி "இந்த வெள்ளி வரை, ஐயா" என்றார். "எத்தனை என்று சொல்லம்மா" என்றார் அவர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வெள்ளி என்பது பணம். நம் ஊரில் கிழமை, சேலைக் கடையில் சரிகை. நல்ல கவிஞர் கையில் இது சிலேடை, விலைப்பட்டியலில் வழக்கு. அன்றிலிருந்து கிழமையை எழுதுவதில்லை. நாளையும் மாதத்தின் பெயரையும் எழுதுகிறோம். மாதத்தையும் எண்ணால் குறிப்பதில்லை. 7/8 என்றால் நமக்கு ஆகஸ்ட் ஏழு, அமெரிக்காவில் வளர்ந்தவருக்கு ஜூலை எட்டு. ஆடித் தள்ளுபடி என்பதும் தமிழ்ப் பத்தியில் அப்படியே இருக்கும். ஆங்கிலப் பத்தியில் 'ஆடி' என்ற பெயரோடு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை என்று தேதி சேர்த்துச் சொல்லப்படும்.

இனி, தமிழைக் கேட்டறிந்தும் படிக்காத அந்த நடுவகுப்பாரைப் பற்றிச் சிறிது. அவர்களுக்காகத் தமிழ் வாக்கியங்களையே ரோமன் எழுத்தில் எழுதிவிடலாமே என்று பலர் ஆலோசனை கூறினர். ஒரு பதிவில் செய்தும் பார்த்தோம். பேத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கச் சலித்தார், பாட்டியால் படிக்கவே இயலவில்லை. ரோமன் எழுத்தில் நெடில் குறில் தெரியாது, லகர ளகர ழகரங்கள் ஒன்றாகும். நாமே படிக்கும்போது பொருளை ஊகித்துத்தான் படிக்கிறோம். ஆகவே வாக்கியத்தை அந்த எழுத்தில் எழுதுவதில்லை, பெயர்களை மட்டும் எழுதுகிறோம். பெயருக்கும் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து மாற்றாமல் வைத்திருக்கிறோம். kandangi, kandaangi, kandhangi என்று மாணவியே மூன்று விதமாக எழுதிக்கொண்டிருந்தார். தேடுபவர் ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டில் உள்ள பதிவுகள் அகப்படாமல் போகலாம். மக்கள் மிகுதியாக எழுதும் kandangi என்பதையே கொண்டோம். ஒலிக்கு அது முழுப் பொருத்தமில்லை என்று எனக்குத் தெரியும்.

இங்கே நம் இலக்கணம் குறுக்கிட்ட ஓர் இடம் உண்டு. பதிவுகளில் # குறியிட்டு ஒரு சொல்லை எழுதினால் அது இணைப்பாகி, அதே சொல்லைக் கொண்ட எல்லாப் பதிவுகளையும் காட்டும். மாணவி அதை வாக்கியத்தின் நடுவிலேயே #காரைக்குடியில் என்று எழுதினார். பொறிக்கு #காரைக்குடி வேறு, #காரைக்குடியில் வேறு. ஏழாம் வேற்றுமை உருபு ஏறிய சொல்லை யாரும் தேட மாட்டார்கள். ஆங்கிலத்தில் உருபு தனிச்சொல்லாக முன்னே நிற்பதால் இந்தத் தொல்லை இல்லை. தமிழில் உருபு பெயரோடு ஒட்டிவிடும், ரோமன் எழுத்துச் சொல்லோடும் ஒட்டிவிடும்; #kandangiயில் என்பது எந்த மொழிக்கும் உரியதாகாத ஓர் உருவம். எனவே குறிச்சொற்கள் எல்லாம் எழுவாய் வடிவில், பதிவின் இறுதியில், வாக்கியத்திற்கு வெளியே நிற்கின்றன. அயற்சொல்லோடு உருபு சேர வேண்டிய இடத்தில் அச்சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறோம். 'கூரியரில்' என்பது படிக்க இடறாது. ரோமன் எழுத்தில் எழுதி உருபைத் தமிழில் ஒட்டினால் இடறும்.

திறன்பேசி இல்லாத பழைய வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பழக்கமும் கடையில் உண்டு. அங்கே கலப்புக்குப் பணவிலை உண்டு என்பதை ஒரு மாதக் கட்டணச் சீட்டிலிருந்துதான் அறிந்தோம். ஆங்கில எழுத்துகள் மட்டும் கொண்ட ஒரு குறுஞ்செய்தியில் 160 இடங்கள். தமிழ் எழுத்து ஒன்றே ஒன்று கலந்தாலும் முழுச் செய்திக்கும் 70 இடங்களாகச் சுருங்கிவிடும். அதைத் தாண்டினால் இரு செய்தியாகக் கணக்கிடுவர். அப்போது ஒவ்வொன்றிலும் 67 இடங்களே. ₹ என்ற குறியும் இதையே செய்யும் என்பது எதிர்பாராதது. எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி விலைக்கு மட்டும் அந்தக் குறியைப் போட்டதால் இருமடங்கு கட்டணம் விழுந்தது. பொறி எழுத்தை எண்ணும் முறையும் நம் முறையன்று. 'காரைக்குடி' நமக்கு ஐந்து எழுத்து. பொறிக்குப் பத்து. மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணும், புள்ளியையும் ஓர் இடமாக எண்ணும். உயிர்மெய் ஓரெழுத்து என்று யாப்பு சொல்வதை அது ஏற்பதில்லை.

கணக்குப்படி ஆங்கிலத்தில் அனுப்புவதே மலிவு. ஆனால் இந்தச் செய்தியைப் பெறுபவர் எல்லாரும் உள்ளூரார், பெரும்பாலும் ஐம்பது அறுபது வயதைக் கடந்தவர்கள், தமிழ் மட்டும் படிப்பவர்கள். எனவே குறுஞ்செய்தியை முழுத் தமிழாகவே வைத்து, 70 இடங்களுக்குள் அடக்கினோம். 'கண்டாங்கி வந்துள்ளது. 850 முதல். நாளை முதல் கடையில்.' இதில் ஆங்கிலம் ஒரு சொல்கூட இல்லை, கடைப்பெயர் சேர்க்கவும் இடம் இருக்கிறது. என் முதல் பத்துப் பதிவுகளில் நான் தேடிய தனித்தமிழ் கடைசியில் இங்கே வந்து வாய்த்தது.

தீராதவையும் உள்ளன. 'வாடாமல்லி' நிறத்துக்கு ஆங்கிலத்தில் நான் இன்னும் நிறைவான விளக்கம் எழுதவில்லை. ஊதாவுக்கும் இளஞ்சிவப்புக்கும் நடுவே எங்கோ நிற்கிறது அது. எழுதியவற்றைப் படித்த இருவர் இருவேறு நிறங்களைச் சொன்னார்கள். தற்சமயம் அந்தச் சேலைகளை வெளிநாட்டுக்கு அனுப்புமுன், பகல் வெளிச்சத்தில் எடுத்த படமும் ஒரு சிறு காணொளியும் அனுப்பி, 'சரி' என்று எழுத்தில் பெற்றபின்பே பொதி கட்டுகிறார் மாணவி. உருத்திராட்சக் கரைக்கு நான் எழுதிய ஆங்கில விளக்கத்தை, அந்த மணியைக் கண்டறியாத ஒருவர் ஏதோ கொட்டை அச்சிட்ட துணி என்று எண்ணிவிட்டார். அதையும் திருத்த வேண்டியிருக்கிறது. மடல் எழுதிய நண்பர் இன்று அவைக்கு வந்திருக்கிறார். 'பிளவுஸ்' என்பதற்கு, காரைக்குடிக் கடையில் நிற்கும் பெண்ணும் ரொறன்ரோவில் 'சட்டை' என்று சொல்லும் அம்மையாரும் ஒருசேரத் தடையின்றிப் படிக்கும் தமிழ்ச் சொல் ஒன்றை அவர் தருவாரானால், வரும் தைப்பொங்கல் பதிவிலேயே அதை இட்டு, எத்தனை பேர் திருப்பிக் கேட்டார்கள் என்ற நோட்டுப் புத்தகத்தையும் அவரிடம் காட்டுகிறேன்.